ஜீரோ வட்டியா, 40,000 தள்ளுபடியா? கணக்கு தவறும் இடங்கள்

அக்கா மகன் போன டிசம்பரில் ஜி.எஸ்.டி ரோட்டிலிருந்த ஒரு கார் ஷோரூமிலிருந்து போன் செய்தான். "மாமா, 40,000 கேஷ் டிஸ்கவுண்ட், இல்லேன்னா 3 லட்சம் வரைக்கும் ஜீரோ பர்சன்ட் லோன், 24 மாசம். ரெண்டும் சேர்த்துத் தர மாட்டாங்களாம். ஜீரோதானே லாபம்?"

விற்பனைப் பையன் அவனுக்குத் துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். வெளியே 9% வட்டி, 3 லட்சத்துக்கு வருஷம் 27,000, இரண்டு வருஷத்துக்கு 54,000. தள்ளுபடியோ 40,000தான். ஆக, ஜீரோ எடுத்தால் 14,000 மிச்சம்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்தச் சீட்டில்தான். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும். கடைசி மாதங்களில் நம் கையில் இருக்கும் கடன் சில ஆயிரங்கள்தான். அதற்குப் போய் 3 லட்சத்துக்கான வட்டி எப்படி வரும்? 9% குறையும் வட்டியில் 3 லட்சத்துக்கு 24 மாத இ.எம்.ஐ சுமார் 13,705 ரூபாய். மொத்த வட்டி 29,000-க்குச் சற்றுக் கீழே. ஜீரோ கடன் மிச்சப்படுத்துவது அந்த 29,000-ஐத்தான், 54,000-ஐ அல்ல. அதற்காக விட்டுக்கொடுப்பது 40,000.

இதையே இன்னொரு பக்கமாகப் பார்க்கலாம். தள்ளுபடியை வாங்கினால் அவனுக்கு வேண்டிய கடன் 2,60,000 மட்டும். ஜீரோ திட்டத்தில் அவன் கட்டப்போவது மாதம் 12,500 வீதம் 24 மாதம். அதாவது 2,60,000 வாங்கி 3,00,000 திருப்பித் தருகிறான். போனில் ஏதாவது ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து இதைப் போட்டால் உண்மையான வட்டி வந்துவிடும்:

```
=RATE(24,-12500,260000)*12
```

விடை ஏறக்குறைய 14%. ஜீரோ கடனுக்குச் செயலாக்கக் கட்டணம் 5,000, அதற்கு 18% ஜி.எஸ்.டி சேர்த்து 5,900 என்றார்கள். அதையும் கழித்து 254100 என்று மாற்றினால் 16.5% ஆகிறது. வங்கியில் 9%-க்குக் கிடைக்கும் பணம்!

"கடன் விவரத் தாளிலேயே வருடாந்திர விகிதம் போட்டிருக்குமே மாமா?" என்றான். போட்டிருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு அந்தத் தாளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அந்த விகிதத்தில் கடன் கொடுப்பவர் வாங்கும் கட்டணங்கள்தான் ஏறும். நாம் கைவிட்ட தள்ளுபடி அதில் வராது. அது கடைக்காரரோடு பேசிய விலை. அதனால் தாளைப் பார்த்து நிம்மதி அடைவதும் ஒரு தவறுதான்.

இதற்காக ஜீரோ என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டுவது எதிர்ப்பக்கத் தவறு. அதே 40,000 தள்ளுபடிக்கு எதிரே 6 லட்சம், 36 மாதம் ஜீரோ என்று வந்திருந்தால்? இ.எம்.ஐ 16,667, உண்மைக் கடன் 5,60,000. சூத்திரம் 4.5% என்கிறது. கட்டணம் பெரிதாக இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தள்ளுபடி ஒரே தொகையாக நிற்கிறது; ஜீரோவின் மதிப்போ கடன் தொகையோடும் மாதங்களோடும் வளர்கிறது. கம்பெனிகள் ஜீரோவுக்குக் குறைந்த தொகையும் குறைவான மாதங்களும் வைப்பது ஏன் என்று இப்போது புரியும்.

கையில் பணம் வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்தில் தடுக்குகிறார்கள். "பணத்தை எஃப்.டி-யில் விட்டுட்டு ஜீரோ கடன் கட்டிக்கலாம்" என்பார்கள். அவர்கள் ஒப்பிட வேண்டியது 9%-ஐ அல்ல, எஃப்.டி வட்டியை. 3 லட்சத்தை 7%-க்குப் போட்டு, மாதம் 12,500 அதிலிருந்தே எடுத்தால், இரண்டு வருஷத்தில் 22,000 அளவுக்கு வட்டி வரும். 20% வரி போனால் 18,000-க்குள் அடங்கிவிடும். 40,000-க்குப் பக்கத்திலேயே வராது.

பாதியில் காரை விற்கவோ கடனை அடைக்கவோ எண்ணம் இருந்தால் ஜீரோ இன்னும் மோசம். தள்ளுபடி முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது. ஜீரோவின் லாபம் மாதாமாதம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அடைத்ததும் நின்றுபோகும்.

தள்ளுபடி பக்கத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 40,000 என்று சொல்லிவிட்டு, சீட் கவர், மேட், ஃபாக் லேம்ப் என்று பொருளாகத் தந்தால் அது 40,000 இல்லை. பில்லில் விலை குறைந்திருக்க வேண்டும். ஷோரூம் சொல்லும் இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் வெளியே ஒருமுறை விசாரித்துவிடுங்கள். கார் இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது வாங்குபவர் விருப்பம்.

அக்கா மகன் தள்ளுபடியை எடுத்துக்கொண்டு, சம்பளம் போடும் வங்கியில் 2,60,000-க்குக் கடன் வாங்கினான். 9%, இ.எம்.ஐ 11,878. ஜீரோவில் கட்டியிருக்க வேண்டியதைவிட மாதம் 622 ரூபாய் குறைவு.