டிஸ்சார்ஜ் தாமதத்தைக் குறைத்தீர்களா? நிர்வாகத்துக்கு ஒரே பக்கம் போதும்

ஒரு வார்டில் டிஸ்சார்ஜ் தாமதத்தைக் குறைத்ததை நிர்வாகத்துக்கு எழுதும்போது, காரணங்களைக் கிளைகளாகக் காட்டும் மீனெலும்பு வரைபடத்தையும் கூட்டக் குறிப்புகளையும் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள். முதல் வரியிலேயே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்: “மீதமான மருந்துகளை டிஸ்சார்ஜுக்கு முந்தைய மாலையே மருந்தகத்துக்குத் திருப்பும் முறையை மற்ற 4 வார்டுகளுக்கும் விரிவாக்க வேண்டும், அதற்கு மாலையில் ஒரு பில்லிங் ஊழியர் தேவை.”

அடுத்து எண். மருத்துவர் டிஸ்சார்ஜ் எழுதியதிலிருந்து படுக்கை காலியாகும்வரை 5 மணி நேரம் ஆனது, இப்போது 3 என்று வைத்துக்கொள்வோம். இது சராசரியாக இருக்க வேண்டாம். காப்பீட்டு ஒப்புதலுக்காக இரவு வரை காத்திருந்த ஒரே நோயாளி சராசரியை இழுத்துவிடுவார். நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவைக் கொடுங்கள்.

முன், பின் என்று இரண்டு பட்டைகள் வரைவது பார்க்க அழகு, ஆனால் எதையும் நிரூபிக்காது. வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடு வரைந்து, மாற்றம் தொடங்கிய வாரத்தைக் குறியுங்கள். பழைய இடைநிலைக் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து 6 புள்ளிகளாவது விழுந்திருந்தால், தற்செயல் அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம்.

“அவசரப்பட்டு அனுப்பிவிட்டீர்களோ?” என்று ஒருவராவது கேட்பார். 30 நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்களின் விகிதத்தையும் அதே பக்கத்தில் போடுங்கள். அது ஏறியிருந்தால் விரிவாக்கம் கேட்காதீர்கள். அதே வார்டில் இன்னும் 3 மாத அவகாசம் கேளுங்கள்.