லையா, லேயா? ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள்

ஆங்கிலத்தில் ‘லை’, ‘லே’ குழப்பினால், தமிழில் கிட, கிடத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் மேசையில் கிடக்கிறது. இங்கே ‘எதை?’ என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் இது செயப்படுபொருள் குன்றிய வினை: ‘தி புக் லைஸ் ஆன் தி டேபிள்’. குழந்தையைக் கட்டிலில் கிடத்துகிறாள். ‘யாரை?’ என்றால் குழந்தையை. ஆகவே ‘ஷி லேஸ் தி பேபி ஆன் தி பெட்’.

‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இன்னும் சுலபம்; உயர், உயர்த்து என்பதே கணக்கு. விலை உயர்ந்தது என்றால் ‘தி பிரைஸ் ரோஸ்’. கடைக்காரர் விலையை உயர்த்தினார் என்றால் ‘ஹி ரெய்ஸ்ட் தி பிரைஸ்’.

பலரும் வழுக்கி விழுவது இறந்தகாலத்தில்தான். ‘லை’யின் இறந்தகாலமே ‘லே’! எழுத்தும் அதே எழுத்து. நேற்று ஒரு மணி நேரம் படுத்திருந்தேன் என்பதற்கு ‘ஐ லே டவுன் ஃபார் ஆன் அவர்’ என்பதே சரி. ‘ஐ லெய்ட் டவுன்’ என்றால், எதைக் கிடத்தினீர்கள் என்ற கேள்வி தொங்கி நிற்கும். ‘ஐ லெய்ட் தி மேட் ஆன் தி ஃப்ளோர்’ சரி, ஏனென்றால் அங்கே பாய் இருக்கிறது. அப்புறம், ‘ஹேவ்’ சேர்ந்தால் படுத்ததற்கு ‘லெய்ன்’, கிடத்தியதற்கு அதே ‘லெய்ட்’.