கௌரி, ஸ்ரீனிவாசன்: இரண்டு பெயர்களைத் தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்வது எப்படி?

மும்பையில் தமிழில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பத்திரிகையை வடிவமைப்பவர் பெரும்பாலும் மராத்தியோ குஜராத்தியோ படிப்பவராக இருப்பார். மாட்டுங்காவிலிருந்தோ தாராவியிலிருந்தோ நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ்ப் பெயரை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார். அதில் பிழை இருந்தால் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே நம் போனிலிருந்து கிளம்பும்போதே பெயர் சரியாக இருக்க வேண்டும்.

மணமகள் கௌரி, மணமகன் ஸ்ரீனிவாசன் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்த் தட்டச்சில் அதிகம் பிசகும் இரண்டு இடங்கள் இந்த இரு பெயர்களிலுமே இருக்கின்றன. இவற்றைச் சரியாக அடிக்கத் தெரிந்தால் பெரும்பாலான பெயர்களுக்கு அது போதும்.

1. கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் Gboard இருந்தால் அதன் அமைப்புகளில் `Languages`, பிறகு `Add keyboard` போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துகளே நேரடியாகத் தெரியும் கீபோர்டு ஒன்று, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் `abc → தமிழ்` ஒன்று என இரண்டு வகை கிடைக்கும். ஐபோனில் `Settings`, `General`, `Keyboard`, `Keyboards`, `Add New Keyboard` என்ற வழியில் போனால் தமிழ் வரும்.

விண்டோஸ் 11 கணினியில் `Settings`, `Time & language`, `Language & region` போய்த் தமிழைச் சேர்த்துவிட்டு, அதன் `Language options` பக்கத்தில் `Tamil 99` கீபோர்டைச் சேருங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

பெயர்களுக்கு நான் நேரடித் தமிழ்க் கீபோர்டைத்தான் பரிந்துரைப்பேன். ஆங்கிலத்தில் அடிக்கும்போது போன் ஊகித்துத்தான் தமிழைத் தருகிறது. gowri என்று அடித்தால் கௌரி, கவுரி இரண்டுமே பட்டியலில் வரலாம். இரண்டும் வழக்கில் உள்ள எழுத்துமுறைகள்தான். ஆனால் அந்தப் பெண் தன் பெயரை எப்படி எழுதுகிறாள் என்பது போனுக்குத் தெரியாது. மும்பையில் படித்துத் தமிழ் எழுத்துகள் கைக்கு வராதவர்கள் ஆங்கில வழியையே பயன்படுத்தலாம், தவறில்லை. முதலில் வரும் சொல்லை அவசரமாகத் தொட்டுவிடாமல் பட்டியலை ஒருமுறை பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

2. முதலில் மெய், அப்புறம்தான் குறி

கையால் ‘கே’ எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ‘க’ எழுதுகிறோம். கீபோர்டில் இது தலைகீழ். ‘க’வை முதலில் தட்ட வேண்டும், பிறகு ஏகாரக் குறி. கொம்பு தானாகவே இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முருகேசன் என்ற பெயரை அடிப்பதாக இருந்தால் வரிசை இப்படி வரும்: ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ஏகாரக் குறி, ச, ன, புள்ளி. கையெழுத்துப் பழக்கத்தில் ‘க’வுக்கு முன்னால் கொம்பைத் தட்டிவிட்டால் அது முந்தைய ‘ரு’வைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அங்கே ஏற்கெனவே ஒரு குறி இருப்பதால் பெரும்பாலும் புள்ளிகளாலான ஒரு சிறு வட்டம் தோன்றும். அந்த வட்டம் எங்கே தெரிந்தாலும், ஒரு குறி தனக்குரிய எழுத்து இல்லாமல் நிற்கிறது என்று பொருள். அழித்துவிட்டு மெய்யிலிருந்து தொடங்குங்கள்.

3. கௌரி

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். ‘கௌ’ என்பதில் ‘க’வுக்கு இடப்பக்கம் ஒரு கொம்பும் வலப்பக்கம் ‘ள’ போன்ற ஒரு வடிவமும் இருக்கின்றன. பார்ப்பதற்கு ‘ள’ போல இருந்தாலும் அது ளகரம் இல்லை, ஔகாரக் குறியின் வலது பாதி. இடதும் வலதும் சேர்ந்து ஒரே குறி. மராத்தியில் இந்த ஒலிக்கான குறி எழுத்தின் வலப்பக்கம் ஒரே துண்டாக நிற்பதால் அங்கே இப்படி யாரும் குழம்புவதில்லை. தமிழில் குறி இரண்டாகப் பிரிந்து தெரிவதால் கண் ஏமாந்துவிடுகிறது. பலர் க, எகரக் குறி, ள என்று மூன்றாகத் தட்டிவிடுகிறார்கள். திரையில் வருவது ‘கெளரி’. பல எழுத்துருக்களில் அது ‘கௌரி’ போலவேதான் தெரியும்.

உள்ளே இரண்டும் வேறு. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. போனும் கணினியும் சேமித்துவைப்பது அந்த எண்களைத்தான்.

```
கௌ   = 0B95 0BCC
கெள  = 0B95 0BC6 0BB3
```

இரண்டாவது வரியைக் கணினி ‘கெ’, ‘ள’ என இரண்டு எழுத்தாகத்தான் படிக்கும். விருந்தினர் பட்டியலில் ‘கௌரி’ என்று தேடினால் ‘கெளரி’ அகப்படாது. அகரவரிசைப்படி அடுக்கினால் ‘கோ’வுக்குப் பிறகு வர வேண்டிய பெயர் ‘கே’வுக்கு முன்னால் போய் நிற்கும்.

கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி ‘கொ’ உண்டாக்குவதும் இதே போலத்தானே என்று தோன்றலாம். அதில் ஆபத்து குறைவு. எகரக் குறியும் காலும் சேர்ந்தது ஒகரக் குறிக்குச் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. பல மென்பொருள்கள் அதைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ‘ள’ முழு எழுத்து. அதைக் குறியாக மாற்றிக்கொள்ள எந்த விதியும் இல்லை. கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’வை அடித்தாலும் இதே கதைதான்.

சரியான வழி எளிது. போனில் ‘க’வைத் தட்டுங்கள். பிறகு ஔகாரத்தை ஒரே தட்டில் தேர்ந்தெடுங்கள். பல கீபோர்டுகளில் மெய்யைத் தொட்டதும் உயிரெழுத்துகள் இருந்த இடத்தில் அவற்றின் குறிகள் வந்துவிடும். ஔ கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒ அல்லது ஓ மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், அல்லது அடுத்த பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். தேடுவது சிரமமாக இருக்கிறது என்று ‘ள’வுக்கு மட்டும் போய்விடாதீர்கள். பிறகு ர, இகரக் குறி. கணினியில் தமிழ்99 என்றால் நான்கே தட்டு:

```
h z m s   →  கௌரி
```

h என்பது க, z என்பது ஔ, m என்பது ர, s என்பது இ. மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் அது குறியாக ஒட்டிக்கொள்வதுதான் தமிழ்99 முறை. சௌமியா, மௌலி, சௌந்தர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பெயர் ஔவில் தொடங்கினாலும் கவனம் வேண்டும்: ஔவை என்பதில் ‘ஔ’ ஒரே எழுத்து, ஒ, ள என்று இரண்டாக அடிக்கக் கூடாது.

4. ஸ்ரீனிவாசன்

‘ஸ்ரீ’ ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் நான்கு தட்டுகளில் உருவாகிறது: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. நடுவில் திரையில் ‘ஸ்ர’ என்று பிரிந்து நிற்கும்போது ஏதோ தவறு என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். ஈகாரக் குறி விழுந்ததும்தான் கூட்டெழுத்தாகச் சேரும். அதனால் இதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது: சேராமல் ‘ஸ்ரி’ என்று நின்றால், நீங்கள் போட்டது குறில் இகரம். தமிழ்99இல் ஸ்ரீக்கென்றே ஒரு பொத்தான் உண்டு, Shift + Y. பிரித்து அடிப்பதானால் இப்படி:

```
Shift+Q  f  m  w   →  ஸ்ரீ
```

இதில் f தான் புள்ளி.

ஸ்ரீயை இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். ‘ஸ’வுக்குப் பதில் ‘ஶ’ வைத்து எழுதும் ‘ஶ்ரீ’யும் உண்டு. கூட்டெழுத்தாகச் சேர்ந்த பிறகு பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ‘ஶ’ யூனிகோடில் சேர்ந்தது 2005இல்தான். அதுவரை எல்லோரும் ‘ஸ’ வைத்தே எழுதினார்கள். வடமொழி ஒலிப்படி பார்த்தால் ‘ஶ’ பொருத்தம்தான். ஆனால் புழக்கத்தில் மிகுதியாக இருப்பது ‘ஸ’. ஒரு பட்டியலில் இரண்டும் கலந்தால் தேடும்போது பாதிப் பேர் கிடைக்காமல் போவார்கள். அதனால் எல்லாப் பெயருக்கும் ‘ஸ’வையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மீதி எழுத்துகளில் கஷ்டமில்லை: ன, இகரக் குறி, வ, கால், ச, ன, புள்ளி. ஸ்ரீனிவாசனா, ஸ்ரீநிவாசனா, சீனிவாசனா என்பதை மட்டும் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். மூன்றுமே பெயர்கள்தான்.

5. பேக்ஸ்பேஸால் சோதியுங்கள்

அடித்த பெயரைத் தனியாக ஓரிடத்தில் ஒட்டி, சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒருமுறை தட்டுங்கள். ‘கௌ’ சரியாக இருந்தால் குறி முழுவதும் போய் ‘க’ மட்டும் மிஞ்சும். சில செயலிகளில் எழுத்தே முழுசாகப் போய்விடும், அதுவும் சரிதான். ‘கெ’ மிஞ்சினால் அங்கே ஒட்டியிருந்தது ‘ள’. ‘ஸ்ரீ’யில் ஒருமுறை தட்டினால் கூட்டெழுத்து பிரிந்து ‘ஸ்ர’ அல்லது ‘ஶ்ர’ என்று தெரியும். எந்த எழுத்து உள்ளே இருந்தது என்பது அப்போது வெளிச்சம்.

லக்ஷ்மி போன்ற பெயரில் க, புள்ளி, ஷ மூன்றும் ‘க்ஷ’ என்று சேர வேண்டும். சேராமல் தனித்தனியாக நின்றால் இடையில் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்று இருக்கக்கூடும். பேக்ஸ்பேஸ் தட்டியும் எதுவும் அழியாதது போல ஒருமுறை தோன்றினால் அதுதான் அந்தக் குறி. முழுப் பெயரையும் அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதே நல்லது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ‘கௌ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து Alt + X அழுத்துங்கள். 0BCC என்று வந்தால் சரி, 0BB3 என்று வந்தால் அது ளகரம். மறுபடி Alt + X அழுத்தினால் எழுத்து திரும்பி வந்துவிடும்.

6. அச்சகத்துக்கு அனுப்பும்போது

இவ்வளவும் சரியாக இருந்தும், அங்கிருந்து வரும் மாதிரியில் கொம்பு ‘க’வுக்கு வலப்பக்கம் தனியாக நிற்கலாம், ஸ்ரீ பிரிந்து தெரியலாம். வடிவமைப்பவருடைய மென்பொருள் இந்திய எழுத்துகளை இணைத்துக் காட்டும்படி அமைக்கப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். நீங்கள் அனுப்பியதில் பிழையில்லை. அவர் திரையில் சரியாகத் தெரியட்டும் என்று கொம்பை முன்னால் போட்டு மாற்றி அடித்துக் கொடுக்காதீர்கள்; அதே எழுத்தை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால் அங்கே உடைந்துவிடும்.

பெயர்களை வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ அழகான எழுத்துருவில், பெரிய அளவில் வைத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடுவதால் அவர் அதைப் படம் போல வைத்துக்கொள்ளலாம், உங்கள் கௌரி கௌரியாகவே அச்சாவாள். மாதிரி திரும்பி வந்ததும் உங்கள் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து, பெயர்களை மட்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.