இரவு பஸ்ஸுக்கு ஒரு மைக்ரேன் பை

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் ஒருமுறை குளிசைகளைப் பெரிய பைக்குள் வைத்து, பையைப் பஸ்ஸின் கீழ்ப்பெட்டியில் போட்டுவிட்டேன். புத்தளத்தில் வலது கண்ணுக்குப் பின்னால் வலி தொடங்கியது. பெட்டியைத் திறந்து குளிசை கைக்கு வருவதற்குள் சத்தி தொடங்கிவிட்டது. விழுங்கியது வயிற்றில் தங்கவில்லை. மைக்ரேன் வரும்போது இரைப்பையின் அசைவும் மந்தமாகிவிடும். அதனால்தான் பிந்திப் போடும் குளிசை சரியாகக் கேட்பதில்லை. இப்போது சிறிய சிப் பை ஒன்று என் மடியிலேயே இருக்கும்.

1. மருந்து

டொக்டர் உங்களுக்கு எழுதித் தந்ததை மட்டும் வையுங்கள். எனக்கு மைக்ரேன் வலிக்கு சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் இரண்டு, சத்திக்கு டொம்பெரிடோன், பனடோல் ஒரு அட்டை. பெயரும் காலாவதித் திகதியும் தெரியும்படி அட்டையோடு வையுங்கள். உதிரிக் குளிசைகளை இருட்டில் பிரித்தறிய முடியாது.

சுமாட்ரிப்டான் போட்டு வலி குறைந்து, பிறகு திரும்பி வந்தால் மட்டுமே, 2 மணித்தியாலமாவது கழித்து இரண்டாவதைப் போடலாம். முதலாவது கேட்கவே இல்லையென்றால் அதே வலிக்கு இரண்டாவது வேண்டாம். இருதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்த மருந்து கூடாது. மற்றவரிடம் வாங்கிப் போடாதீர்கள்.

2. தண்ணீர், கண்ணாடி

அரை லீற்றர் போத்தல், ஒரு பக்கெட் கிரீம் கிரக்கர், சத்திக்கு இரண்டு சொப்பிங் பை. கறுப்புக் கண்ணாடியைப் பெட்டியோடு மேலே வையுங்கள். எதிரே வரும் வாகனங்களின் வெளிச்சத்துக்கு அது உதவும். வலியில்லாத நேரத்தில் வீட்டுக்குள் அதைப் போட்டுப் பழக வேண்டாம், கண்ணின் வெளிச்சக் கூச்சம் கூடும்.

3. அவசர அட்டை

இதற்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். வலியின் உச்சத்தில் எனக்குச் சொற்கள் வராது. பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் செய்ய வேண்டும். என் அட்டையில் இருப்பது இது:

"எனக்கு மைக்ரேன். வெளிச்சத்தைக் குறைத்து, பேசாமல் இருக்க விடுங்கள். நான் போட்ட குளிசை: ____ நேரம்: ____. ஒவ்வாமை: பெனிசிலின். தங்கச்சியின் இலக்கம்: ____.

இவற்றில் ஒன்று தெரிந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்: திடீரென ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன தலைவலி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணுதல், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், மயக்கம், வலிப்பு."

நேரம் எழுதும் இடத்தை விட்டுவிடாதீர்கள், கூடவே பென்சிலும் வையுங்கள். எப்போது என்ன போட்டேன் என்பதுதான் மறந்துபோகும். இரட்டிப்பாகப் போடுவது அப்படித்தான் நடக்கிறது.

அட்டையின் மறுபக்கத்தில் இதையே சிங்களத்தில் எழுதுங்கள். நடத்துனரும் அம்புலன்ஸில் வருபவரும் தமிழ் வாசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. நான் எழுதியதை ஒபிஸில் கூட வேலை செய்யும் அக்காவிடம் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவர் தடுமாறிய இரண்டு இடங்களைத் திருத்தித் தந்த பிறகுதான் அட்டையை லமினேட் பண்ணினேன், குளிசை, நேரம் எழுதும் துண்டை மட்டும் வெளியே விட்டு.