பொங்கல் மின்னஞ்சல்: தலைப்பில் கழிவு, பிரீஹெடரில் கெடு

பண்டிகை மின்னஞ்சலில் விலைக்கழிவைத் தலைப்பு வரியில் சொல்லுங்கள். அது எதுவரை, எங்கே என்பதை, இன்பொக்ஸில் தலைப்பை அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரியான பிரீஹெடரில் எழுதுங்கள். ஒன்றையே இரண்டிலும் எழுதினால் இரண்டாவது வரி வீண்.

கிளிநொச்சியில் உள்ள ஒரு புடவைக் கடைக்கு இப்படி எழுதலாம்:

தலைப்பு: பொங்கல் சேலைகளுக்கு 20% கழிவு
பிரீஹெடர்: 13ஆம் திகதி இரவு 8 மணி வரை, கிளிநொச்சிக் கடையில் மட்டும்

இன்பொக்ஸில் இவை அடுத்தடுத்துத் தெரிவதால், வாசிப்பவர் ஒரே மூச்சில் படித்து, போவதா இல்லையா என்று அங்கேயே முடிவெடுக்கிறார். பிரீஹெடரை வெறுமையாக விட்டால் மின்னஞ்சலின் முதல் எழுத்துகள் அங்கே வந்து நிற்கும். அது பெரும்பாலும் 'படம் தெரியவில்லையா? இங்கே அழுத்தவும்' என்ற வரிதான். பிரீஹெடர் சிறிதாக இருந்தாலும் மிச்ச இடத்தில் இதே வரி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, மின்னஞ்சலின் HTML தொடக்கத்தில் பிரீஹெடரை மறைத்து வைத்த பகுதிக்குள், அதை அடுத்து இதைப் பல தடவை இடுங்கள்:

```
‌ 
```

கைபேசித் திரையில் வரியின் கடைசிப் பகுதி வெட்டுப்படும். ஆகவே திகதியை முதலில் வையுங்கள், ஊர்ப்பெயர் பின்னால் வரட்டும். அனுப்புமுன் உங்கள் கைபேசிக்கே ஒன்றை அனுப்பி, திறக்காமல் பாருங்கள்.

சிலர் முன்னோட்ட வரியையே நிறுத்தி வைத்திருப்பார்கள், சில அறிவிப்புகளிலும் தலைப்பு மட்டுமே வரும். கடைசி நாள் நினைவூட்டலில் இந்த முறை வேண்டாம். அன்று கெடுவே செய்தி, 'இன்று இரவு 8 மணி வரை' என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும்.