499 ரூபாய்க்கு விற்றும் நட்டம் வந்த போர்வை

சென்னிமலையில் 300 ரூபாய்க்கு வாங்கிய போர்வையை இணையச் சந்தையில் 499 ரூபாய்க்கு விற்றபோது, 199 ரூபாய் மிச்சம் என்றே நம்பியிருந்தேன். வங்கிக் கணக்கோ மாதாமாதம் மெலிந்துகொண்டே வந்தது.

உட்கார்ந்து கணக்கிட்டபோதுதான், லாரி வாடகையையும் கறைபட்டு ஒதுக்கிய உருப்படிகளையும் சேர்த்தால் அடக்க விலையே 321 ரூபாய் என்பது தெரிந்தது. அதனுடன் பொதியுறைக்கு 18, தளத்தின் நிலைக் கட்டணம் 25, கூரியருக்கு 75 ரூபாய். பத்தில் ஒன்று திரும்பி வந்ததால், அதன் போக்குவரத்துச் செலவை விற்ற ஒன்பதின்மேல் பரப்பினால் இன்னும் 20 ரூபாய். ஆக மொத்தம் 459.

இதன்மேல் 12 விழுக்காடு கமிஷனையும் 10 விழுக்காடு லாபத்தையும் கூட்டியதே என் அடுத்த பிழை. கமிஷன் விற்பனை விலையின்மீது, அதுவும் 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்த தொகையின்மீது பிடிக்கப்படுவதால், வரியில்லா விலையில் அது 12.6 விழுக்காடாகிறது. எனவே கூட்டாமல் வகுக்க வேண்டும்:

```
459 / (1 - 0.126 - 0.10) = 593
593 × 1.05 = 623
```

623 ரூபாய்க்கு ஒற்றைப் போர்வை நகரவில்லை. லாபத்தைக் குறைக்கவும் மனமில்லை. இரண்டை ஒரே பொதியாக்கியதும் நிலைக் கட்டணம் ஒருமுறையே விழுந்தது, கூரியரும் 150க்குப் பதில் 95 ஆனது. அதே சூத்திரப்படி இணைக்கு 1,137 ரூபாய் வந்தது; அந்த விலைக்கு விற்கிறது.