மழைக் காட்சியில் முகம் மாற்றும்போது தண்ணீர் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

மும்பை அந்தேரியில் எங்கள் மேசைக்கு வரும் மழை ஷாட்டுகள் பெரும்பாலும் ஒரே வகை. பைக்கில் பாய்பவர் டூப், திரையில் தெரிய வேண்டியது நாயகனின் முகம்; அதைக் கணினியில் மாற்றிவைப்பது எங்கள் வேலை. இருவரின் சம்மதமும் ஒப்பந்தத்தில் இருக்கும். முகம் எப்படியோ பொருந்திவிடும், மாட்டிவிடுவது தண்ணீர்தான்.

முதல் தவறு, எல்லா நீரையும் ஒரே மாஸ்க்கில் அடக்கப் பார்ப்பது. ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கேமரா திரும்பினாலும் திரையில் அதே இடத்தில் நிற்பது லென்ஸில் ஒட்டிய துளி. முகத்தோடு சேர்ந்து நகர்வது தோலில் வழியும் நீர். ஒரே ஃபிரேமில் தோன்றி மறைவது விழும் மழை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

அதிகம் சொதப்புவது விழும் மழையில். பெரிய துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும். 24 ஃபிரேமில், 1/48 நொடி ஷட்டரில் எடுத்தால் அது ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் கோடாகப் பதிகிறது. கிட்டத்தட்ட ஒரு முகத்தின் நீளம். மாற்று முகம் அந்தக் கோட்டை விழுங்கிவிடுகிறது. தலைக்கு மேலும் தாடைக்குக் கீழும் மழை, முகத்தின் மேல் மட்டும் குடை பிடித்தாற்போல் வெறுமை. வேறெங்கிருந்தோ எடுத்த மழையை அங்கே ஒட்டுவார்கள்; சாய்வும் அடர்த்தியும் ஒத்துப்போகாது. மூலக் காட்சியிலேயே மழை இருக்கிறது, அதை எடுங்கள். டூப்பின் முகத்தை டிராக் செய்து அசையாமல் நிறுத்துங்கள். அடுத்தடுத்த 5 ஃபிரேம்களின் இடைநிலை மதிப்பை எடுத்தால், ஒரே ஃபிரேமில் வரும் கோடுகள் கழன்றுவிடும். மூல ஃபிரேமிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சும் வெளிச்சம்தான் மழை. அதைப் புது முகத்தின் மேல் கூட்டுங்கள். பின்னிருந்து ஒளி விழுந்தால் இது நன்றாக வரும். கண் சிமிட்டும்போதும் வாய் அசையும்போதும் அவற்றின் விளிம்பும் சேர்ந்து வரும். அங்கே கையால் மறைக்க வேண்டும்.

தோல் நீரில் கோளாறு, முகம் மாற்றும் AI-க்குக் கற்றுக்கொடுக்கத் தரும் நாயகனின் பயிற்சிப் படங்களில் தொடங்குகிறது. உலர்ந்த முகத்தைக் கொடுத்தால் உலர்ந்த முகம்தான் வரும். நெற்றியில் இறங்கும் நீர் புருவத்தருகே மாஸ்க் விளிம்பில் காணாமல் போய், மோவாயில் திடீரென்று சொட்டும். படப்பிடிப்பு நாளிலேயே நாயகனை நனைத்து, அதே விளக்கில் தலையைத் திருப்பச் சொல்லிச் சில நிமிடம் எடுத்துக்கொள்வதே உத்தமம். தயாரிப்பு மேலாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அது கிடைக்காவிட்டால் டூப்பின் முகத்திலிருந்து மினுக்கத்தை மட்டும் எடுக்கலாம், கன்னத்துக்கும் நெற்றிக்கும் மட்டும். மூக்கின் மினுக்கம் டூப்பின் மூக்கு வடிவத்தையும் கூடவே கொண்டுவரும்.

லென்ஸ் துளி எப்போதும் கடைசி லேயர். முகத்தை மாற்றிய பிறகே அதை மேலே வையுங்கள். சிறு துளிக்குள் தலைகீழாகத் தெரியும் டூப்பை யாரும் கவனிக்கப் போவதில்லை. பெரிய துளி முகத்தைக் கடந்தால், அதை அழித்துவிட்டு, புது முகத்தை வளைத்துக்காட்டும் துளியாகத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

மூடுபனியில் ஃபிரேமுக்கு ஃபிரேம் தானாக நிறம் பொருத்த விடாதீர்கள். பனி நகர நகர முகம் துடிக்கும். பனியில் கருமையும் வெளிறும் என்பதால், மூக்குத் துவாரத்தின் கருமையை மூலக் காட்சியில் அளந்து, புது முகத்தை அதற்குச் சில ஃபிரேம்களில் மட்டும் கையால் பொருத்துங்கள்.